கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு: பி.எஃப். கணக்கு முடியும் இடத்தில் இது தொடங்குகிறது

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் 64 பேர் வேலை செய்கிறார்கள். பி.எஃப். மாதந்தோறும் கட்டிவிடுகிறோம். கிராஜுவிட்டியை யாராவது விலகும்போது கொடுத்து, அந்த ஆண்டின் செலவாக எழுதி வந்தோம். இந்த ஆண்டு வந்த புதிய தணிக்கையாளர், எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கீடு செய்ய வேண்டும், ஐந்து ஆண்டு முடிக்காதவர்களுக்கும் செய்ய வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் அறிக்கையில் குறை எழுதுவாராம். இந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எல்.ஐ.சி. குழு கிராஜுவிட்டித் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் பி.எஃப். போல இதுவும் முடிந்துவிடுமா? - கணக்கு மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தணிக்கையாளர் சொல்வது சரி. அவர் கேட்பது புதிய விதியும் அல்ல. கணக்கியல் தரம் 15 இதை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. காரணம் விளங்கினால் கணக்கும் எளிதாக விளங்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பி.எஃப்.பில் நிறுவனத்தின் கடமை ஒரு சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. ஊழியரின் பங்கு 12 சதவீதத்தைப் பிடித்து, உங்கள் பங்கு 12 சதவீதத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த மாத உழைப்புக்கான உங்கள் கடன் தீர்ந்தது. அந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவு கிடைக்கும், ஊழியர் 58 வயதில் எவ்வளவு எடுப்பார், அவருடைய சம்பளம் பிற்காலத்தில் இரட்டிப்பானால் என்ன ஆகும் என்பவை உங்களைப் பாதிப்பதில்லை. இதுவே வரையறுத்த பங்களிப்புத் திட்டம். கட்ட வேண்டிய தொகையே செலவு. மார்ச் 31 அன்று கட்டாமல் நிற்கும் ஒரு மாதத் தொகை மட்டுமே பொறுப்பு. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவரப்பட்ட பங்களிப்பு ஓய்வூதியமும், அதற்கு முன் சேர்ந்தவர்களின் பழைய ஓய்வூதியமும் வேறுபட்ட இடம் இதுதான். முன்னதில் கட்டும் தொகை நிச்சயம், கிடைக்கும் தொகை நிச்சயமில்லை. பின்னதில் கிடைக்கும் தொகைக்கு உறுதி உண்டு. அதற்கு என்ன செலவாகும் என்பதுதான் கொடுப்பவருக்குத் தெரியாது.

கிராஜுவிட்டி இரண்டாவது வகை. சட்டம் உறுதி தருவது பயனுக்கு: கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். இந்த வாய்பாட்டில் இருக்கும் ஊதியம் இன்றைய ஊதியம் அல்ல, கடைசி ஊதியம். அதனால் இன்று நீங்கள் கொடுக்கும் ஒவ்வோர் ஊதிய உயர்வும் அந்த ஊழியரின் கடந்த எல்லா ஆண்டுகளுக்குமான கிராஜுவிட்டியையும் சேர்த்து உயர்த்துகிறது. பத்து ஆண்டு பணி முடித்தவருக்கு மாதம் 2,600 ரூபாய் உயர்வு கொடுத்தால், ஆண்டுக்கு 1,500 என்ற கணக்கில் 15,000 ரூபாய் கூடுதல் கடன் அந்த நாளிலேயே உங்கள் மீது ஏறுகிறது. விலகும்போது கொடுத்து எழுதிக்கொள்ளும் முறையில் இந்தக் கடன் எந்த ஆண்டின் கணக்கிலும் தெரிவதில்லை. ஊழியர் இருபது ஆண்டு உழைத்து உருவாக்கிய செலவு முழுவதையும் அவர் ஓய்வுபெறும் ஆண்டின் லாபம் சுமக்கிறது. முந்தைய பத்தொன்பது ஆண்டுகளின் லாபம் அந்த அளவுக்கு மிகையாகக் காட்டப்பட்டிருக்கிறது.

ஐந்து ஆண்டு முடிக்காதவர்களைப் பற்றிய உங்கள் தயக்கம் இயல்பானதே. இன்று விலகினால் அவர்களுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. ஆனால் மூன்று ஆண்டு முடித்தவர் அந்த மூன்று ஆண்டுகளையும் கைவிட்டு ஐந்தாம் ஆண்டில் புதிதாகத் தொடங்குவதில்லை. நிபந்தனை நிறைவேறிய நாளில் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்கிறீர்கள். எனவே தரம் சொல்வது இது: உரிமை உறுதிப்படுவதற்கு முன் செய்த பணியும் பொறுப்பை உண்டாக்குகிறது, அவர் அந்த நாளை எட்டாமல் போகும் வாய்ப்பை அளவிடுதலில் கழித்துக்கொள்ளலாம், பொறுப்பே இல்லை என்று விடக்கூடாது. 15,600 ரூபாய் ஊதியத்தில் மூன்று ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 9,000 வீதம் 27,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அவரைப் போன்றவர்களில் நூற்றுக்கு 60 பேர் ஐந்தாண்டைத் தாண்டுவார்கள் என்பது உங்கள் ஆலையின் அனுபவமானால், மற்றக் காரணிகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது பதிவுக்கு வருவது சுமார் 16,200 ரூபாய். மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஐந்தாண்டு நிபந்தனையே கிடையாது என்பதால் அதற்கான சிறு பகுதியும் சேரும். தமிழகத்தில் இயங்கும் நிறுவனம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணியாற்றியவர் அந்த ஆண்டை முடித்தவராகவே கருதப்படுவார் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே உரிமை உறுதிப்படும் நாளைச் சரியாக ஐந்தாண்டு என்று வைத்துக் கணிப்பது இங்கே பொறுப்பைக் குறைத்துக் காட்டிவிடும்.

இனி உங்கள் நிறுவனத்துக்கு எந்த முறை பொருந்தும் என்று பார்க்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாமல், விற்றுமுதல் 250 கோடிக்கும் கடன் 50 கோடிக்கும் மேற்போகாமல் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது, நீங்கள் சிறு மற்றும் நடுத்தர நிறுவனம். அப்படிப்பட்ட நிறுவனத்தில் ஆண்டின் சராசரி ஊழியர் எண்ணிக்கை 50க்குக் குறைவாக இருந்தால், எல்லோரும் மார்ச் 31 அன்றே விலகுவதாக வைத்துக் கணக்கிடுவது போன்ற ஏதாவது ஒரு நியாயமான எளிய முறை போதும். 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெளிப்படுத்தும் விவரங்கள் முதலியவற்றில் சலுகை உண்டே தவிர, தொகையை, இத்தகைய எதிர்காலக் கடன்களை மதிப்பிடும் நிபுணரான ஆக்சுவரியின் கணிப்பின் மூலம், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ஓர் அலகு சேர்கிறது என்று கொண்டு எதிர்கால ஊதியத்தை வைத்துக் கணிக்கும் முறையில்தான் வரவழைக்க வேண்டும். 64 பேர் என்பதால் உங்களுக்கு ஆக்சுவரி அறிக்கை தேவை.

அந்த முறையை ஒரே ஓர் ஊழியரை வைத்து முழுமையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். லேத் இயக்கும் ஒருவர் எட்டு ஆண்டு பணி முடித்திருக்கிறார், ஓய்வுபெற இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது, அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊதிய உயர்வு ஆண்டுக்கு 6 சதவீதம், எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 7 சதவீதம். இடையில் விலகுவதையும் இறப்பதையும் இந்த விளக்கத்துக்காக மட்டும் ஒதுக்கிவைக்கிறேன். உண்மையான அறிக்கையில் அவை இரண்டும் இருக்கும்.

இன்றைய ஊதியத்தில் ஓர் ஆண்டுப் பணிக்கான கிராஜுவிட்டி 15,000 ரூபாய். பத்து ஆண்டு 6 சதவீதம் வீதம் வளர்ந்தால் அது 26,863 ரூபாய் ஆகும். இதுவரை அவர் முடித்த எட்டு ஆண்டுகளுக்கு 2,14,902 ரூபாய். இந்தத் தொகை பத்து ஆண்டு கழித்துத்தான் கையை விட்டுப் போகும் என்பதால் 7 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம்.

```
15,000 × 1.06^10 × 8 ÷ 1.07^10 = 1,09,245
```

இன்றே விலகினால் அவருக்குக் கொடுக்க வேண்டியது 1,20,000 ரூபாய். ஆக்சுவரி தொகையோ அதைவிடக் குறைவு. இதைப் பார்த்ததும் பலர் அறிக்கை தவறு என்று எண்ணுகிறார்கள். தள்ளுபடி விகிதம் ஊதிய உயர்வைவிட அதிகமாக இருப்பதால் வரும் விளைவு இது. ஊதிய உயர்வை 8 சதவீதம் என்று மாற்றினால் அதே ஊழியரின் பொறுப்பு 1,31,699 ரூபாய் ஆகிவிடுகிறது. இரண்டு சதவீதப் புள்ளி மாற்றம் இங்கே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே பொறுப்பை உயர்த்துகிறது. எனவே அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள தொகையைவிட, உள்ளே இருக்கும் அனுமானப் பட்டியலையே நான் முதலில் படிப்பேன்.

தள்ளுபடி விகிதத்தில் உங்களுக்கு விருப்பத்துக்கு இடமில்லை. இருப்புநிலைக் குறிப்பின் தேதியில், உங்கள் பொறுப்பின் சராசரிக் காலத்துக்கு ஒத்த காலமுள்ள அரசுக் கடன் பத்திரங்களின் சந்தை ஈட்டத்தையே எடுக்க வேண்டும். இறப்பு விகிதத்துக்கு இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களின் 2012-14 ஆயுள் அட்டவணை வழக்கத்தில் இருக்கிறது. மீதமுள்ள இரண்டும், அதாவது ஊதிய உயர்வும் விலகல் விகிதமும், நிர்வாகம் தர வேண்டிய அனுமானங்கள். ஆக்சுவரி அவற்றின் நியாயத்தைக் கேட்பார், ஆனால் உங்கள் ஆலையை அவர் பார்த்ததில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் உண்மையில் எத்தனை சதவீதம் உயர்வு கொடுத்தீர்கள், வயது வாரியாக எத்தனை பேர் விலகினார்கள் என்ற பட்டியலை நீங்களே தயாரித்து, அதிலிருந்து அனுமானத்தைத் தேர்ந்து கொடுப்பதே சரியான வழி. சராசரியாக 9 சதவீதம் உயர்வு கொடுத்த நிறுவனம் அறிக்கைக்கு மட்டும் 5 சதவீதம் என்று எழுதித் தருவதையும், பத்து ஆண்டாக ஒரே ஆட்கள் இருக்கும் பிரிவுக்கு 25 சதவீத விலகல் போடுவதையும் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் அது யார் கண்ணிலும் படாது. பிறகு எப்படிப் படுகிறது என்பதைப் பதிவு முறையைச் சொல்லும்போது காட்டுகிறேன்.

அதே ஊழியரின் அடுத்த ஆண்டைப் பார்ப்போம். தொடக்கப் பொறுப்பு 1,09,245. கொடுக்க வேண்டிய நாள் ஓராண்டு நெருங்கிவிட்டதால் 7 சதவீத வட்டி 7,647 சேர்கிறது. அவர் ஒன்பதாம் ஆண்டு பணி செய்ததால் ஓர் அலகு கூடுகிறது. 26,863 ரூபாயை ஒன்பது ஆண்டுக்குத் தள்ளுபடி செய்தால் கிடைக்கும் 14,612 ரூபாயே அந்த ஆண்டின் நடப்புப் பணிச் செலவு. மூன்றையும் கூட்டினால் 1,31,504. நாம் அனுமானித்தபடியே எல்லாம் நடந்திருந்தால் ஆண்டு முடிவில் இருக்க வேண்டிய பொறுப்பு இது. ஆனால் அந்த மார்ச் 31 அன்று பத்திர ஈட்டம் 6.5 சதவீதமாக இறங்கியிருந்தால் அதே கடனின் இன்றைய மதிப்பு 1,37,166 ரூபாயாக உயர்ந்துவிடும். இடையில் உள்ள 5,662 ரூபாய்தான் அறிக்கையில் ஆக்சுவரி நட்டம் என்று வரும்.

கணக்கியல் தரம் 15இன்படி பணிச் செலவு, வட்டி, ஆக்சுவரி நட்டம் மூன்றும் லாப நட்டக் கணக்குக்கே போகின்றன. ஆக அந்த ஆண்டின் செலவு 27,921 ரூபாய். கிராஜுவிட்டிச் செலவுக் கணக்கில் பற்று, கிராஜுவிட்டி ஒதுக்கீட்டுக் கணக்கில் வரவு. இண்ட் ஏஎஸ் 19 என்ற வேறொரு கணக்கியல் தரத்தைப் பின்பற்றும் பெரிய நிறுவனங்கள் 5,662 ரூபாயை லாபத்தைத் தொடாமல் இதர விரிவான வருமானத்தில் காட்டும். முக்கியமான வேறுபாடுகளில் ஒன்று இது. உங்களுக்கு அது பொருந்தாது. செலவு, ஊழியர் பயன் செலவு என்ற தலைப்பின் கீழ் வரும். பொறுப்பை அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கொடுக்க வாய்ப்புள்ள பகுதி, மீதப் பகுதி என்று பிரித்துக் குறுகியகால ஒதுக்கீட்டிலும் நீண்டகால ஒதுக்கீட்டிலும் காட்ட வேண்டும். அந்தப் பிரிவையும் ஆக்சுவரியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு வந்தபின் ஒருவர் விலகினால் கொடுக்கும் பணம் செலவாகாது. ஒதுக்கீட்டில் பற்று, வங்கியில் வரவு. உங்கள் அலுவலகத்தில் இத்தனை ஆண்டாக அதைச் செலவில் எழுதிப் பழகியிருப்பதால், முதல் இரண்டு ஆண்டில் பிசகு வர வாய்ப்புள்ள இடம் இது. ஆண்டு முடிவில் ஆக்சுவரி தந்த செலவையும் எழுதி, விலகியவருக்குக் கொடுத்ததையும் செலவில் விட்டுவிட்டால் ஒரே தொகை இரண்டு முறை லாபத்தைக் குறைக்கும். எளிய சோதனை ஒன்று உண்டு: தொடக்க ஒதுக்கீட்டுடன் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டி, கொடுத்த தொகையைக் கழித்தால் ஆக்சுவரி அறிக்கையின் இறுதிப் பொறுப்பு வர வேண்டும். வராவிட்டால் பேரேட்டில்தான் தவறு.

மேலே சொன்ன தவறான அனுமானங்கள் வெளிப்படும் இடமும் இந்த ஆக்சுவரி நட்டமே. அறிக்கையில் அது அனுமானத்தை மாற்றியதால் வந்தது, அனுபவத்தால் வந்தது என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பத்திர ஈட்டம் இறங்கியதால் வரும் நட்டம் முதல் வகை. அது ஒரு சமயம் நட்டமாகவும் இன்னொரு சமயம் லாபமாகவும் வந்து போகும். அனுபவ நட்டம் என்பது நீங்கள் சொன்னதைவிட ஊதியம் அதிகமாக உயர்ந்தது, சொன்ன அளவுக்கு ஆட்கள் விலகவில்லை என்பதன் அளவு. மூன்று ஆண்டு தொடர்ந்து அது நட்டமாகவே வந்தால் ஊதிய உயர்வைக் குறைத்தோ விலகலைக் கூட்டியோ சொல்லியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல தணிக்கையாளர் அந்த ஒரு வரியைப் பார்த்தே கேள்வியைத் தொடங்குவார்.

இப்போது விடுபட்ட ஆண்டுகளுக்கு வருகிறேன். இது கணக்கியல் கொள்கையை மாற்றுவது ஆகாது. செய்ய வேண்டிய ஒதுக்கீட்டைச் செய்யாமல் விட்டது என்பதால் கணக்கியல் தரம் 5இன்படி முற்காலப் பிழை. ஆகவே ஆக்சுவரியிடம் சென்ற மார்ச் 31, இந்த மார்ச் 31 ஆகிய இரண்டு தேதிகளுக்கும் கணிப்புக் கேளுங்கள். முன்னது 38 லட்சம், பின்னது 43 லட்சம், இந்த ஆண்டு இரண்டு பேர் விலகியதற்கு 2 லட்சம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 38 லட்சம் முற்கால இனமாக லாப நட்டக் கணக்கில் தனியாகக் காட்டப்பட வேண்டும். இந்த ஆண்டின் செலவு 7 லட்சம்; ஏனெனில் 38உடன் 7ஐக் கூட்டி 2ஐக் கழித்தால்தான் 43 வரும். ஏற்கெனவே செலவில் எழுதிய அந்த 2 லட்சத்தை ஒதுக்கீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். முழு 45 லட்சத்தையும் இந்த ஆண்டின் கிராஜுவிட்டிச் செலவு என்று ஒரே வரியில் போட்டுவிட்டால், உங்கள் வங்கி இந்த ஆண்டு லாபம் சரிந்ததாகவும் அடுத்த ஆண்டு திடீரென்று மீண்டதாகவும் படிக்கும்; இரண்டுமே உண்மையல்ல.

வருமான வரியில் இந்த ஒதுக்கீட்டுக்குக் கழிவு இல்லை. உண்மையில் கொடுக்க வேண்டியதாகிவிட்ட தொகைக்கும், அங்கீகரிக்கப்பட்ட கிராஜுவிட்டி நிதிக்குச் செலுத்தும் பங்களிப்புக்கும் மட்டுமே கழிவு கிடைக்கும். ஆகவே 43 லட்சத்தையும் வரிக் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் கொடுக்கும்போது கழிவு கிடைக்கும் என்பதால், எதிர்கால லாபம் நியாயமான அளவு நிச்சயமாக இருந்தால், ஒத்திவைத்த வரிச் சொத்தைப் பதியலாம், 25.168 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு அது சுமார் 10.82 லட்சம். இதைப் பதிய மறந்துவிட்டால் நிகர மதிப்பு தேவைக்கு அதிகமாகச் சுருங்கித் தெரியும்.

எல்.ஐ.சி. திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறக்கட்டளை அமைத்து, அங்கீகாரம் பெற்று, பணத்தை எல்.ஐ.சி.யிடமோ வேறு காப்பீட்டு நிறுவனத்திடமோ கட்டுவது நல்ல முடிவு. ஊழியரின் பணம் தொழிலின் நடைமுறை மூலதனத்திலிருந்து பிரிந்து பாதுகாப்பாக நிற்கிறது. வரிக் கழிவும் ஆண்டுப் பங்களிப்புக்கு ஊதியத்தில் 8.33 சதவீதம் என்ற வரம்புக்குள் அந்தந்த ஆண்டே கிடைக்கிறது. ஆனால் திட்டத்தின் தன்மை அதனால் மாறுவதில்லை. நிதியில் பணம் போதாவிட்டால் மீதத்தைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், பி.எஃப்.பில் அந்த நிலை வருவதில்லை. கட்டிய பிரீமியத்தையே செலவாக எழுதிவிட்டு, பொறுப்பு ஏதுமில்லை என்று விட்டுவிடுவது நம் ஊர் நிறுவனங்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு.

திட்டத்தில் சேர்ந்து சில ஆண்டு ஆனபின் உங்கள் கணக்கு இப்படி இருக்கலாம். தொடக்கத்தில் பொறுப்பு 42 லட்சம், நிதி 22 லட்சம், ஆகவே இருப்புநிலைக் குறிப்பில் நிகரப் பொறுப்பு 20 லட்சம். அந்த ஆண்டு பணிச் செலவு 5 லட்சம், வட்டி 2.94 லட்சம், ஆக்சுவரி நட்டம் 1.06 லட்சம், நிதி ஈட்டிய வருமானம் 1.6 லட்சம். லாப நட்டக் கணக்குக்கு வரும் செலவு 7.4 லட்சம். நீங்கள் நிதிக்குக் கட்டியது 6 லட்சம். விலகியவர்களுக்கு நிதியிலிருந்து கொடுக்கப்பட்ட 3 லட்சம் பொறுப்பையும் நிதியையும் ஒரே அளவில் குறைப்பதால் நிகரத்தில் தெரியாது. முடிவில் பொறுப்பு 48 லட்சம், நிதி 26.6 லட்சம், நிகரம் 21.4 லட்சம். செலவு 7.4, கட்டியது 6, வேறுபாடான 1.4 லட்சம்தான் நிகரப் பொறுப்பு 20இலிருந்து 21.4 ஆனதற்குக் காரணம். நிதிக்குக் கட்டும் தொகை வெறும் பணப் பரிமாற்றம். செலவைத் தீர்மானிப்பது கணிப்பே. காப்பீட்டு நிறுவனம் ஆண்டுப் புதுப்பித்தலின்போது அனுப்பும் தாளில் ஒரு பொறுப்புத் தொகை இருக்கும். அது அவர்களுடைய அனுமானத்தில், அவர்களுடைய புதுப்பித்தல் தேதியில், பங்களிப்பை முடிவுசெய்வதற்காகப் போட்டது. அதை அப்படியே மார்ச் 31 பொறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆண்டில் இன்னொரு காரணமும் தொகையை உயர்த்தும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஊதியம் என்பதன் வரையறையில், விலக்கப்படும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சும் பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். மொத்தம் 50,000 ரூபாயில் அடிப்படை 20,000, வீட்டு வாடகைப் படி முதலியவை 30,000 என்று பிரித்திருந்தால், 25,000க்கு மேற்பட்ட 5,000 சேர்ந்து ஊதியம் 25,000 ஆகிறது. ஓர் ஆண்டுக்கான கிராஜுவிட்டி 11,538இலிருந்து 14,423 ரூபாய்க்கு உயர்கிறது. இந்த உயர்வு அவரது கடந்த ஆண்டுகளுக்கும் பொருந்தும். சட்டம் பயனை மாற்றியதால் வந்த இந்தக் கூடுதல் ஆக்சுவரி நட்டம் ஆகாது, முற்காலப் பணிச் செலவு. ஏற்கெனவே ஐந்தாண்டு உரிமை பெற்றவர்களுக்கான பகுதியை உடனே செலவில் எடுத்துக்கொண்டு, தொகை பெரிதானால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் முற்கால இனமாகக் காட்டும் 38 லட்சத்தில் இது கலந்துவிடக் கூடாது; சென்ற மார்ச்சில் இந்தச் சட்டம் நடைமுறையில் இல்லை. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்த ஊழியர்களின் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் வெளியேறும்போது ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது என்பதால், இதுவரை பட்டியலில் இல்லாத அவர்களையும் சேர்க்க வேண்டும்.

ஆக்சுவரியின் கணிதத்தைவிட, நாம் அவருக்கு அனுப்பும் எக்செல் கோப்பில்தான் தவறுகள் அதிகம். அடிப்படை ஊதியத்துக்குப் பதில் மொத்தச் சம்பளம் போயிருக்கும். சேர்ந்த தேதியில், பழைய கூட்டாண்மை நிறுவனத்தில் சேர்ந்த நாளுக்குப் பதில் பிரைவேட் லிமிடெட் ஆக மாறிய நாள் போயிருக்கும். தொழில் கைமாறியபோது பணி தொடர்ந்தால் பழைய ஆண்டுகளும் கணக்கில் வரும். மார்ச்சில் விலகி இன்னும் பணம் வாங்காதவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அவருக்குத் தர வேண்டியது எங்கும் இல்லாமல் போயிருக்கும்; அவருடைய தொகையை முழு மதிப்பில் கொடுபடவேண்டியதாகத் தனியே காட்டுங்கள்.

அறிக்கை வந்ததும் 64 பேருக்கும் இன்றைய ஊதியத்தில், ஐந்தாண்டு முடிக்காதவர்களையும் சேர்த்து, 15/26 வாய்பாட்டில் ஒரு மொத்தம் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 20 லட்சத்துக்கு மேல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தள்ளுபடி விகிதமும் ஊதிய உயர்வும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்து, பெரும்பாலானோர் ஐந்தாண்டைக் கடந்தவர்களாகவும் இருந்தால், ஆக்சுவரியின் தொகை இந்த மொத்தத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். அது பாதியாக நின்றால் முதலில் சேர்ந்த தேதிகளையும், பிறகு விலகல் விகிதத்தையும் சரிபாருங்கள். ஒன்றரை மடங்காக இருந்தால் பெரும்பாலும் மொத்தச் சம்பளம் போயிருக்கும். அந்த ஒப்பீட்டுத் தாளையும், ஊதிய உயர்வு மற்றும் விலகல் பற்றிய ஐந்தாண்டுப் பட்டியலையும் அறிக்கையுடன் இணைத்துத் தணிக்கையாளரிடம் கொடுங்கள். அவர் அடுத்துக் கேட்கப்போவது அவற்றைத்தான்.